தாளில் இருக்கிறது, கூட்டுத்தொகையில் இல்லை: மறைந்த வரிசைகளும் இணைத்த செல்களும்

வாசகர் கேள்வி

ஐயா, எங்கள் இதழ்க் குழுவில் யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்பதை எக்செல் தாளில் எழுதி வருகிறேன். பன்னிரண்டு பதிவுகள்தான். தாளின் அடியில் மொத்தம் 62 மணி நேரம் என்று வருகிறது. பக்கத்தில் குழுவாரியாகக் கூட்டிய பட்டியலில் மொத்தம் 26 என்று வருகிறது. கையெழுத்துச் சீட்டுகளை வைத்துக்கொண்டு கால்குலேட்டரில் கூட்டினால் 70 வருகிறது. எந்தப் பதிவையும் யாரும் அழிக்கவில்லை. ஒரே பக்கத்தில் அச்சிட வேண்டும் என்று என் சக பணியாளர் தாளைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினார், அவ்வளவுதான். மூன்றில் எது சரி? கணக்கு எங்கே தவறுகிறது? கோப்பின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

சீட்டுகள் சொல்லும் 70தான் சரி. கோப்பைத் திறந்து பார்த்தேன். பன்னிரண்டு பதிவுகளும் தாளிலேயே பத்திரமாக இருக்கின்றன. எக்செல் கூட்டலில் பிழை செய்யவில்லை. உங்கள் தாளில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள் சேர்ந்திருக்கின்றன. 70ஐ 62 ஆக்கியது மறைக்கப்பட்ட வரிசைகள். 70ஐ 26 ஆக்கியது இணைக்கப்பட்ட செல்கள். இரண்டும் ஒரே இடத்தில் வந்து விழுந்ததால், ஒன்று மற்றொன்றை உங்கள் கண்ணிலிருந்து மூடிவிட்டது. இரண்டையும் ஒரே நோயாக நினைத்து மருந்து தேடினால் விடை கிடைக்காது. அதனால் தனித்தனியாகப் பார்ப்போம்.

மறைந்தவற்றை வெளியே கொண்டுவந்தால் உங்கள் தாள் இப்படி இருக்கிறது. B நெடுவரிசையில் குழு, D நெடுவரிசையில் மணி நேரம்.

| வரிசை | குழு (B) | மணி நேரம் (D) |
|---|---|---|
| 2 | தொகுப்பு | 8 |
| 3 | | 6 |
| 4 | | 7 |
| 5 | வரைகலை | 10 |
| 6 | | 5 |
| 7 | | 3 |
| 8 | மெய்ப்பு | 3 |
| 9 | | 8 |
| 10 | | 6 |
| 11 | அனுப்புதல் | 5 |
| 12 | | 7 |
| 13 | | 2 |

முதலில் 62. உங்கள் தாளின் இடது ஓரத்தில் இருக்கும் வரிசை எண்களைக் கவனியுங்கள். 5க்கு அடுத்து 8 வருகிறது. 6, 7 இரண்டும் மறைக்கப்பட்டிருக்கின்றன. அந்த இடத்தில் எண்களுக்கு இடையே உள்ள கோடு மட்டும் சற்றே தடித்து இரட்டைக் கோடு போலத் தெரியும். மறைந்த இரண்டு வரிசைகளில் உள்ளவை 5, 3. கூட்டினால் 8. 70க்கும் 62க்கும் உள்ள வித்தியாசம் அதே 8தான்.

ஆனால் வரிசையை மறைத்தாலே அது கூட்டுத்தொகையிலிருந்து போய்விடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பலரும் தடுமாறும் இடம் இது. வழக்கமான `SUM` சூத்திரத்துக்கு வரிசை தெரிகிறதா மறைந்திருக்கிறதா என்பது ஒரு பொருட்டே இல்லை. சொன்ன எல்லைக்குள் எந்த எண் இருந்தாலும் அதைக் கூட்டிவிடும். மொத்தம் இருக்கும் உங்கள் D15 செல்லில் `SUM` இருந்திருந்தால், எத்தனை வரிசைகளை மறைத்தாலும் 70தான் வந்திருக்கும். அங்கே இருப்பது வேறு:

```
=SUBTOTAL(109,D2:D13)
```

அந்த 109 ஒரு கட்டளை எண். `SUBTOTAL` என்பது பல வேலைகளைச் செய்யும் ஒரு சூத்திரம். முதலில் தரும் எண்தான் எந்த வேலை என்று அதற்குச் சொல்கிறது. 9 என்றால் கூட்டல். 109 என்றாலும் கூட்டல்தான். வித்தியாசம் மறைந்த வரிசைகளை நடத்தும் விதத்தில் இருக்கிறது. வடிகட்டி போட்டு ஒதுக்கப்பட்ட வரிசைகளை இரண்டுமே விட்டுவிடும். கையால் மறைத்த வரிசைகளை, அதாவது வரிசை எண்ணின் மேல் வலது சொடுக்கி `Hide` கொடுத்தவற்றை, 9 சேர்த்துக்கொள்ளும், 109 விட்டுவிடும். எக்செல் 2003 பதிப்பில்தான் இந்த நூற்றுச் சொச்ச எண்கள் சேர்க்கப்பட்டன. அதற்கு முன்பு கற்றுக்கொண்டவர்கள் `SUBTOTAL` என்றாலே 9 என்று நினைத்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

உங்கள் தாளிலேயே இதைச் சோதிக்கலாம். 6, 7 வரிசைகள் மறைந்திருக்கும் நிலையிலேயே, வெற்றுச் செல்கள் மூன்றில் இவற்றை எழுதிப் பாருங்கள்.

```
=SUM(D2:D13)
=SUBTOTAL(9,D2:D13)
=SUBTOTAL(109,D2:D13)
```

70, 70, 62 என்று வரும். இனி C நெடுவரிசையில் உள்ள ஒருவரின் பெயருக்கு வடிகட்டி போட்டால், இரண்டாவதும் மூன்றாவதும் தெரிகிற வரிசைகளின் தொகைக்குக் குறைந்துவிடும். முதலாவது 70லேயே நிற்கும். இந்த மூன்று சூத்திரங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலே, எந்த மாதிரியான மறைப்பு நடந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாக இருந்து, முதலாவது மட்டும் கூடுதலாக இருந்தால் வடிகட்டி வேலை செய்கிறது. முதல் இரண்டும் ஒன்றாக இருந்து, மூன்றாவது மட்டும் குறைந்தால் யாரோ கையால் மறைத்திருக்கிறார்கள்.

"நான் 109 என்று எழுதவே இல்லையே" என்று நீங்கள் சொல்லக்கூடும். எழுதியிருக்க வேண்டியதும் இல்லை. எக்செலே அதை எழுதிவைக்கிற ஒரு சந்தர்ப்பம் உண்டு. தரவை அட்டவணையாக மாற்றி, அதற்கு `Total Row` சேர்த்தால், அந்த மொத்த வரிசையில் எக்செல் தானாகவே 109 உள்ள சூத்திரத்தைப் போடும். பிறகு `Convert to Range` கொடுத்து அட்டவணையைச் சாதாரணத் தாளாக மாற்றினாலும் அந்தச் சூத்திரம் அப்படியே தங்கிவிடும். உங்கள் தாளின் ஒன்றுவிட்டு ஒன்று வரும் வண்ணப் பட்டைகளைப் பார்த்தால், அது முன்பு அட்டவணையாக இருந்திருக்க வேண்டும் என்றே எண்ணுகிறேன். அட்டவணையாக இருக்கும்வரை எக்செல் செல்களை இணைக்க அனுமதிக்காது. செல்களை இணைப்பதற்காகவே உங்கள் சக பணியாளர் அதைச் சாதாரணத் தாளாக மாற்றியிருக்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு. வடிகட்டி போட்டிருக்கும் நேரத்தில் அடியில் உள்ள செல்லில் `AutoSum` பொத்தானை அழுத்தினால், எக்செல் `SUM` போடாமல் `SUBTOTAL(9,…)` போடும். அழுத்தியவருக்கு அது தெரியாது. வடிகட்டியை எடுத்தபின் எண் சரியாகவே இருக்கும். அடுத்த மாதம் இன்னொருவர் வடிகட்டியோடு கோப்பைச் சேமித்து அனுப்பும்போதுதான் மொத்தம் குறைந்து நிற்கும். ஆகவே மொத்தம் இருக்கும் செல்லைச் சொடுக்கி, மேலே சூத்திரப் பட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதுதான் எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் நான் செய்யும் முதல் காரியம். எண்ணைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

சரிபார்க்கிறோம் என்று நினைத்து நாம் செய்யும் இரண்டு காரியங்கள் இங்கே உதவாது. ஒன்று, D2 முதல் D13 வரை தேர்ந்தெடுத்து, திரையின் அடியில் தெரியும் `Sum` என்ற எண்ணைப் பார்ப்பது. அது கண்ணுக்குத் தெரியும் செல்களை மட்டுமே கூட்டும். அங்கும் 62 என்றே வரும். இரண்டு இடத்திலும் 62 வந்ததால் அதுதான் சரி என்று முடிவு செய்துவிடுவோம். மற்றொன்று, தாளை அச்சிட்டு, அதை வைத்துக் கூட்டுவது. மறைந்த வரிசைகள் அச்சிலும் வராது. நீங்கள் மூலச் சீட்டுகளை எடுத்துக் கூட்டினீர்கள். அதனால்தான் பிழை பிடிபட்டது. அச்சுப் பிரதியை வைத்துக் கூட்டியிருந்தால் 62 என்றே உறுதி செய்திருப்பீர்கள்.

இனி 26. இதற்கும் மறைப்புக்கும் தொடர்பே இல்லை. குழுவாரிப் பட்டியலில் நீங்கள் எழுதியிருக்கும் சூத்திரம் இது:

```
=SUMIF($B$2:$B$13,F2,$D$2:$D$13)
```

சூத்திரம் சரியாகவே எழுதப்பட்டிருக்கிறது. `SUMIF` மறைந்த வரிசைகளையும் கணக்கில் எடுக்கும். பிரச்சினை B நெடுவரிசையில் இருக்கிறது. தொகுப்பு என்ற சொல் மூன்று வரிசைகளுக்கும் நடுவே அழகாக நிற்கிறதே, அது உண்மையில் B2 செல்லில் மட்டும்தான் இருக்கிறது. செல்களை இணைக்கும்போது இடது மேல் மூலையில் உள்ள செல்லின் மதிப்பு மட்டுமே மிஞ்சும். B3, B4 இரண்டும் காலி. திரையில் மூன்று வரிசைகளுக்கும் உரியதாகத் தெரியும் பெயர், தாளின் கணக்கில் முதல் வரிசைக்கு மட்டுமே உரியது.

`SUMIF` ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துச் செல்கிறது. B2வில் தொகுப்பு இருக்கிறதா? இருக்கிறது, 8ஐச் சேர்த்துக்கொள்கிறது. B3யில் இருக்கிறதா? காலி, 6ஐ விட்டுவிடுகிறது. B4லும் காலி, 7ஐ விட்டுவிடுகிறது. 21 வர வேண்டிய தொகுப்புக்கு 8 மட்டும் வருகிறது. அதேபோல வரைகலைக்கு 18க்குப் பதில் 10, மெய்ப்புக்கு 17க்குப் பதில் 3, அனுப்புதலுக்கு 14க்குப் பதில் 5. நான்கையும் கூட்டினால் 26. விடுபட்டவை 13, 8, 14, 9, ஆக 44. எந்தக் குழுவுக்கும் சொந்தமில்லாமல் நிற்கும் அந்த 44ஐ ஒரே சூத்திரத்தில் பிடிக்கலாம்:

```
=SUMIFS(D2:D13,B2:B13,"")
```

குழுப் பெயர் காலியாக இருக்கும் வரிசைகளின் மணி நேரத்தை மட்டும் இது கூட்டும். உங்கள் தாளில் இது 44 தருகிறது. சரியான தாளில் இது 0 தர வேண்டும். வகைவாரியாகக் கூட்டும் எந்தப் பட்டியலுக்குப் பக்கத்திலும் இந்த ஒரு செல்லை வைத்துவிடுவது நல்லது. பெயர் எழுத மறந்த பதிவும் இதில் அகப்படும்.

வடிகட்டியிலும் இதே கதைதான். B நெடுவரிசையில் மெய்ப்பு என்று வடிகட்டிப் பாருங்கள். 8ஆவது வரிசை மட்டும் நிற்கும். 9, 10 இரண்டும் காலிச் செல்கள் என்பதால் மறைந்துவிடும். உடனே D15 செல்லில் 3 என்று வரும். மெய்ப்புக் குழு மொத்தமே மூன்று மணி நேரம்தான் வேலை செய்தது என்று யாராவது முடிவு செய்துவிட்டால், உண்மையில் 17 மணி நேரம் உழைத்தவர்களுக்கு அது பெரிய அநியாயம். இணைத்த செல்தான் இங்கே தவறான வரிசைகளை மறைக்கச் செய்கிறது. மறைந்தவற்றை `SUBTOTAL` விட்டுவிடுகிறது. இரண்டு கோளாறுகளும் கைகோக்கும் இடம் இதுதான்.

உங்கள் தாளில் இன்னும் ஒன்று நடந்திருக்கிறது. என்னைச் சற்று நேரம் நிறுத்தி வைத்ததும் அதுதான். வரைகலைக்கான இணைப்பு B5 முதல் B7 வரை போகிறது. 6, 7 வரிசைகள் மறைந்துவிட்டதால் அந்த இணைப்பு ஒரே வரிசை உயரத்துக்குச் சுருங்கி, சாதாரணச் செல் போலவே தெரிகிறது. மற்ற குழுக்களுக்கு மூன்று பேர், வரைகலைக்கு ஒருவர் என்று பார்ப்பவர் இயல்பாக எடுத்துக்கொள்வார். உள்ளே இன்னும் இருவர் இருக்கிறார்கள் என்பதற்கு வரிசை எண்களின் தாவலைத் தவிர வேறு அடையாளமே இல்லை. மறைப்பு இணைப்பை மூடிவிட்டது, இணைப்பு மறைப்பை மூடிவிட்டது.

திருத்துவது எப்படி என்று பார்ப்போம். வரிசைக்கிரமம் முக்கியம். முதலில் கோப்பின் ஒரு நகலை வேறு பெயரில் சேமித்துவிடுங்கள். பிறகு `Data` பகுதியில் வடிகட்டி இருந்தால் `Clear` கொடுங்கள். வடிகட்டி இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் வரிசை எண்களின் நிறத்தைப் பாருங்கள். வடிகட்டி வேலை செய்யும்போது அவை நீலமாக மாறியிருக்கும். அடுத்து, வரிசை எண்களும் நெடுவரிசை எழுத்துகளும் சந்திக்கும் இடது மேல் மூலையைச் சொடுக்கித் தாள் முழுவதையும் தேர்ந்தெடுங்கள். ஏதாவது ஒரு வரிசை எண்ணின் மேல் வலது சொடுக்கி `Unhide` கொடுங்கள். இப்போது 6, 7 வெளியே வரும். D15 தானாகவே 70 ஆகும்.

`Unhide` கொடுத்தும் எண்கள் இன்னும் தாவினால், அந்த வரிசை மறைக்கப்படாமல், இழுத்து இழுத்து மிகக் குறுகலாக்கப்பட்டிருக்கும். உயரம் 0 ஆக இருந்தால்தான் எக்செல் அதை மறைந்த வரிசை என்று கருதும். இம்மியளவு உயரம் இருந்தால்கூட அது தெரியும் வரிசைதான், 109 அதையும் கூட்டும். அங்கே கண்ணுக்குத் தெரிவதைவிடக் கூட்டுத்தொகை அதிகமாக இருக்கும். தாள் முழுவதையும் தேர்ந்தெடுத்து `Row Height` என்பதில் 15 என்று கொடுத்தால் எல்லாம் வெளிப்பட்டுவிடும்.

இனி இணைப்பு. B2 முதல் B13 வரை தேர்ந்தெடுத்து, `Merge & Center` பொத்தானின் அருகில் உள்ள அம்புக்குறியில் `Unmerge Cells` கொடுங்கள். பெயர்கள் B2, B5, B8, B11 ஆகியவற்றில் நிற்கும், மற்றவை காலியாகத் தெரியும். அவற்றை ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டாம். அதே எல்லை தேர்வில் இருக்கும்போது `F5` அழுத்தி, `Special` சென்று, `Blanks` என்பதைத் தேர்ந்தெடுத்து `OK` கொடுங்கள். காலிச் செல்கள் மட்டும் தேர்வாகும். அவற்றில் முதலாவதான B3 வெளிர் நிறத்தில் நிற்கும். எங்கும் சொடுக்காமல், அப்படியே இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
=B2
```

பிறகு `Enter` அழுத்தாமல் `Ctrl+Enter` அழுத்துங்கள். ஒவ்வொரு காலிச் செல்லும் தனக்கு மேலே உள்ள பெயரை எடுத்துக்கொள்ளும். B3 B2ஐப் பார்க்கும், B4 B3ஐப் பார்க்கும், B6 B5ஐப் பார்க்கும். குழுவாரிப் பட்டியல் அந்த நொடியே 21, 18, 17, 14 என்று மாறும். கூட்டினால் 70.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். B3யில் இருப்பது பெயர் இல்லை, மேலே பார் என்ற சூத்திரம். நாளை யாராவது மணி நேரப்படி தாளை வரிசைப்படுத்தினால் ஒவ்வொன்றும் புதிதாக மேலே வந்த பெயரைக் காட்டத் தொடங்கும். அப்போது மொத்தம் சரியாகவே இருக்கும், குழுக்கள் மட்டும் குழம்பிவிடும். அந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். அதனால் B2 முதல் B13 வரை நகலெடுத்து, அதே இடத்தில் `Paste Special` வழியாக `Values` என்று ஒட்டிவிடுங்கள். சூத்திரங்கள் போய்ப் பெயர்களே நிற்கும். இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. உண்மையிலேயே குழு எழுதப்படாத பதிவு ஒன்று நடுவில் இருந்திருந்தால், அதற்கும் மேலே உள்ள குழுவின் பெயர் வந்துவிடும். உங்கள் தாளில் அப்படி எதுவும் இல்லை, சீட்டுகளின் பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டால் போதும்.

உங்கள் சக பணியாளர் மேல் வருத்தப்பட வேண்டாம். ஒரே பெயர் மூன்று முறை வருவது கண்ணுக்கு உறுத்துகிறது என்பது நியாயமான எண்ணமே. பெயரை அழிக்காமலேயே அதே தோற்றத்தைக் கொண்டுவரலாம். B3 முதல் B13 வரை தேர்ந்தெடுத்து, `Conditional Formatting` பகுதியில் `New Rule` சென்று, சூத்திரத்தைக் கொண்டு விதி அமைக்கும் தேர்வை எடுத்து, இதை எழுதுங்கள்:

```
=B3=B2
```

`Format` பொத்தானை அழுத்தி, `Number` பகுதியில் `Custom` என்பதைத் தேர்ந்தெடுத்து `;;;` என்று கொடுங்கள். பெயர் ஒவ்வொரு செல்லிலும் இருக்கும், முதல் வரிசையில் மட்டும் தெரியும். இதிலும் ஒரு குறை உண்டு. வேறொரு நெடுவரிசையில் வடிகட்டும்போது, ஒரு குழுவின் முதல் வரிசை மறைந்தால், மீதி வரிசைகள் பெயர் இல்லாமல் நிற்பது போலத் தோன்றும். கூட்டல் கெடாது, தோற்றம்தான் கெடும். எனக்கு விருப்பமானது பெயரை ஒவ்வொரு வரிசையிலும் தெரியும்படியே விட்டுவிடுவதுதான். தாளின் உச்சியில் உள்ள தலைப்பைப் பல நெடுவரிசைகளின் நடுவே நிறுத்த வேண்டுமானால், செல் வடிவமைப்பின் `Alignment` பகுதியில் `Center Across Selection` இருக்கிறது. எதையும் இணைக்காமலேயே எழுத்து நடுவில் வந்து நிற்கும்.

குழுப் பெயர்களை இணைத்ததில் உங்களுக்கு உண்மையான இழப்பு எதுவும் இல்லை. எண்கள் உள்ள D நெடுவரிசையில் இதைச் செய்திருந்தால் நிலைமை வேறு. D11 முதல் D13 வரை, அதாவது 5, 7, 2 ஆகியவற்றை இணைத்தால், மேல் இடது மதிப்பு மட்டுமே நிற்கும் என்று எக்செல் எச்சரிக்கும். `OK` கொடுத்துவிட்டால் 7ம் 2ம் அழிந்துவிடும். `SUM` எழுதியிருந்தாலும் 9 மணி நேரம் காணாமல் போகும். கோப்பை மூடிவிட்ட பிறகு `Unmerge Cells` கொடுத்தால் செல்கள் திரும்பி வரும், எண்கள் திரும்பி வராது. சீட்டுகள்தான் ஒரே வழி.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நடக்கும். இணைத்த ஒரு செல்லின் வடிவத்தை `Format Painter` கொண்டு எடுத்து, எண்கள் உள்ள செல்களின் மேல் பூசினால், எச்சரிக்கை எதுவும் வராது, எண்களும் அழியாது. 7ம் 2ம் இணைப்பின் அடியில் உயிரோடு இருக்கும். திரையில் 5 மட்டும் தெரியும், `SUM` 14ஐக் கூட்டும். லிப்ரே ஆபிஸ் கால்க் பயன்படுத்துபவர்களுக்கு இது இன்னும் எளிதில் நடக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட செல்களில் மதிப்பு இருக்கும்போது இணைத்தால், உள்ளே மறைபவற்றை முதல் செல்லுக்கு நகர்த்துவதா, அப்படியே வைத்திருப்பதா, அழிப்பதா என்று அது கேட்கும். அப்படியே வைத்திருக்கச் சொன்னவர் அதைப் பிறகு மறந்துவிடுவார். எந்த வழியில் வந்திருந்தாலும், இணைத்த செல் எண் நெடுவரிசையில் இருந்தால், இணைப்பைப் பிரித்துப் பார்க்காமல் அந்தத் தொகையை நம்ப வேண்டாம்.

பெரிய தாளில் இணைத்த செல்களைக் கண்ணால் தேட முடியாது. `Ctrl+F` அழுத்தி, `Options` திறந்து, `Format` பொத்தானில் `Alignment` பகுதிக்குப் போய் `Merge cells` பெட்டியில் மட்டும் குறியிட்டு, தேடும் சொல் எதுவும் எழுதாமல் `Find All` கொடுங்கள். இணைத்த செல்கள் எல்லாம் முகவரியோடு பட்டியலாக வரும். உங்கள் தாளில் நான்கு வந்தன, B2, B5, B8, B11. தாளை வரிசைப்படுத்த முயலும்போது, இணைத்த செல்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று எக்செல் மறுத்தால், அதுவும் இதற்கான அறிகுறிதான்.

D15 செல்லில் என்ன எழுதுவது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. முழுத் தொகை என்று பெயர் போட்ட இடத்தில் `SUM` மட்டுமே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தெரியும் வரிசைகளின் தொகையும் வேண்டும் என்றால், அதைத் தனிச் செல்லில், திரையில் தெரிபவை என்று பெயர் எழுதி, `SUBTOTAL(109,…)` கொண்டு காட்டுங்கள். மூன்றாவதாக ஒரு செல்லில் இரண்டின் வித்தியாசத்தைப் போடுங்கள்:

```
=SUM(D2:D13)-SUBTOTAL(109,D2:D13)
```

0 அல்லாத எண் வந்தால் ஏதோ மறைந்திருக்கிறது. மறைந்த வரிசைகளில் 5ம் −5ம் போல ஒன்றையொன்று ஈடுகட்டும் எண்கள் இருந்தால் மட்டும் இது ஏமாறும். மணி நேரக் கணக்கில் குறை எண் வராது என்பதால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. இந்த மூன்று செல்களையும் தாளின் அடியில் வைக்காமல், தலைப்புக்கு மேலே வைத்துவிடுங்கள். அங்கே வடிகட்டி அவற்றைத் தொடாது, புதிய பதிவுகள் சேரும்போது இடையூறாகவும் இருக்காது.

இந்த ஏற்பாடு நெடுவரிசைகளுக்குச் செல்லாது. மாதங்களை இடமிருந்து வலமாக எழுதி, ஒரு மாதத்தின் நெடுவரிசையை மறைத்தால், 109ம் அதைக் கூட்டிக்கொண்டேதான் இருக்கும். வரிசைகளின் மறைப்பை மட்டுமே அது கவனிக்கும்.

தாளை வேறு கோப்புக்கு எடுத்துச் செல்லும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். வடிகட்டிய எல்லையை நகலெடுத்து ஒட்டினால் தெரிந்த வரிசைகள் மட்டும் போகும். கையால் மறைத்த வரிசைகளோ நகலில் சேர்ந்தே போகும். வடிகட்டிய நகலைப் பெற்றவர் அங்கே `SUM` போட்டாலும் தொகை குறைவாகவே வரும், ஏனென்றால் அவரிடம் அந்தப் பதிவுகளே இல்லை. ஓர் அலுவலகத்தில் ஆண்டு முடிவில் மணி நேரக் கணக்கு ஒத்துப்போகாமல் என்னிடம் வந்தபோது காரணம் இதுதான். இடையில் விலகிப் போனவர்களை வடிகட்டி ஒதுக்கியிருந்தார்கள். அந்த நிலையில் தாளை நகலெடுத்துப் புதுக் கோப்பு தொடங்கியிருந்தார்கள். விலகியவர்கள் அதற்கு முன் செய்த வேலை முழுவதும் புதுக் கோப்புக்கு வரவே இல்லை. சூத்திரங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்துகொண்டிருந்தவர்களுக்கு அங்கே எந்தப் பிழையும் கிடைக்கவில்லை. பழைய கோப்பிலும் புதிய கோப்பிலும் பதிவுகளை எண்ணிப் பார்த்தபோதுதான் வித்தியாசம் வெளிப்பட்டது. அன்றிலிருந்து தொகையைச் சரிபார்ப்பதற்கு முன் `=COUNT(D2:D13)` என்று போட்டுப் பதிவுகளை எண்ணிவிடுகிறேன். உங்கள் தாளில் 12 வர வேண்டும், 12 சீட்டுகள் இருக்கின்றன. அந்த எண் 12க்குக் குறைந்தால், எங்காவது ஒரு மணி நேரம் எண்ணாக இல்லாமல் எழுத்தாகப் பதிவாகியிருக்கலாம். அது வேறு கோளாறு, அந்தச் செல்லின் மூலையில் சிறு பச்சை முக்கோணம் தெரியக்கூடும்.

நகலில் செய்து பார்த்து, முழுத் தொகை 70, குழுவாரித் தொகை 70, காலிப் பெயர்களின் தொகை 0, பதிவுகள் 12 என்று நான்கும் வந்துவிட்டால், அதையே மூலக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பக்கத்தில் அச்சிட வேண்டும் என்று உங்கள் சக பணியாளர் மறுபடியும் கேட்டால், வரிசைகளை மறைக்க வேண்டாம், `Page Layout` பகுதியில் `Width`, `Height` இரண்டையும் 1 பக்கம் என்று அமைத்துக்கொடுங்கள். பன்னிரண்டு வரிசைகளும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும்.